நேரே பார்த்தால் மறையுது: குடியும் அரைப்பட்டினியும் சேர்ந்து கெடுத்த பார்வை நரம்பு

இது எங்கள் கண் மருத்துவமனையில் ஏறத்தாழ ஒரு வருடம் தொடர்ந்து பார்த்த ஒருவரின் நிகழ்வு. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சிகிச்சையில் நாங்கள் செய்த பிழையை மட்டும் மாற்றவில்லை. இதை எழுத முக்கியக் காரணமே அந்தப் பிழைதான்.

பின்னணி

அவருக்கு வயது 47. களக்காட்டுப் பக்கத்தில் வாழைத் தோட்டங்களில் தார் வெட்டுகிற வேலை. கேரளாவுக்குப் போகிற லாரிக்கு ஏத்தன் தார்களைப் பார்த்துத் தரம் பிரிப்பதும் அவர் பொறுப்பு. காயின் பக்கவரை எவ்வளவு உருண்டிருக்கிறது, பச்சையில் மஞ்சள் ஓட்டம் விழுந்துவிட்டதா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார் என்று அவரைப் பற்றி ஊரில் சொல்வார்கள்.

குடிப் பழக்கம் இருபது வருடத்துக்கு மேல். கடைசி மூன்று வருடமாக தினமும் இரண்டு குவாட்டர், அதாவது 360 மில்லி. அதோடு நாளைக்கு ஒரு கட்டு பீடி. சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இதுவரை சொல்லப்பட்டதில்லை. காசநோய்க்கு மருந்து சாப்பிட்டதும் இல்லை.

எங்களிடம் வருவதற்கு முன்

மூன்று மாதமாகப் பார்வை மங்கியிருக்கிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியவில்லை. புகைமூட்டம் போல இருக்கிறது என்று முதலில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கிறார். நாற்பது தாண்டியவர் என்பதால் படிக்கிற கண்ணாடி கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு முகாமில் காட்டியபோது லேசாகப் புரை இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள். புரை இருந்தது உண்மைதான். ஆனால் அந்த அளவுப் புரையால் இவ்வளவு மங்கல் வராது.

இதற்கிடையில் வீட்டில் வேறு ஒரு பிரச்சினை. டீக்கடையில் இருபது ரூபாய்த் தாள் என்று நினைத்து இருநூறைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், அதுவும் ஒரு தடவை இல்லை. கணக்கு இடித்தபோது மனைவி அவர் அந்தப் பணத்துக்கும் குடித்துவிட்டார் என்றே நினைத்தார். தெருவில் எதிரே வந்த சொந்தக்காரரைப் பார்த்தும் பேசாமல் போனதில் ஒரு மனவருத்தம் வேறு. அவரோ வரப்பில் தடுமாறாமல் நடக்கிறார், சைக்கிள் ஓட்டுகிறார், வாசல் படியில் இடறுவதில்லை. அதனால் கண் தெரியவில்லை என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

இந்த நோயின் குணமே இதுதான். ஓரப் பார்வை அப்படியே இருக்க, நடுப் பார்வை மட்டும் போகிறது. நடக்கவும் இடிக்காமல் விலகவும் ஓரப் பார்வை போதும். முகம், எழுத்து, நிறம் பார்க்க நடுப் பார்வைதான் வேண்டும்.

முதல் நாள்: என்ன பார்த்தோம்

உள்ளே வந்து உட்கார்ந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் என் இடது காதைப் பார்த்தபடியே பேசினார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். சோதித்து முடித்த பிறகுதான் உறைத்தது. நேரே பார்த்தால் என் முகம் மறைகிறது, கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் தெரிகிறது. அவரே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

பார்வை வலது கண்ணில் 6/60, அதாவது நல்ல கண் 60 மீட்டரில் படிக்கிற எழுத்தை இவர் 6 மீட்டரில்தான் படிப்பார். இடது கண்ணில் 6/36. சிறு துளை வைத்த அட்டை வழியாகப் பார்க்கச் சொன்னோம். கண்ணாடி மாற்றினால் சரியாகிற மங்கல் என்றால் அதில் இரண்டு வரியாவது கூடும். இவருக்கு ஒரு எழுத்துகூடக் கூடவில்லை. அப்போதே கண்ணாடியின் விஷயம் இல்லை என்று தெரிந்தது.

டார்ச் அடித்துப் பார்த்ததில் இரண்டு பாவையும் சுருங்கின. ஒரு கண்ணின் நரம்பு மட்டும் கெட்டிருந்தால், வெளிச்சத்தை மாற்றி மாற்றி அடிக்கும்போது கெட்ட பக்கத்துப் பாவை விரியும். இரண்டும் ஒரே அளவில் கெட்டிருந்தால் ஒப்பிட நல்ல கண் இல்லை, அதனால் அந்த அடையாளம் கிடைக்காது. "பாவை நன்றாக இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிடுகிற இடம் இது.

சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தேன். பார்வை நரம்பு கண்ணுக்குள் தெரிகிற இடத்தை நரம்புத் தலை என்போம். இடது நரம்புத் தலை நல்ல இளஞ்சிவப்பாக இருந்தது. வலதில் நெற்றிப்பொட்டுப் பக்கம் லேசான வெளிறல், அதுவும் தேடிப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு. விழித்திரையில் குறை இல்லை. அந்த நிமிடத்தில் நான் குழம்பித்தான் போனேன். கண் இப்படி இருக்கும்போது பார்வை ஏன் 6/60? நடிக்கிறாரோ என்ற எண்ணம் எனக்கும் ஒரு கணம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

எங்கள் பார்வைப் பரிசோதகர் சின்னப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவர்தான் நிறப் புள்ளி அட்டைப் புத்தகத்தை எடுத்து வந்தார். எல்லோருக்கும் தெரிய வேண்டிய முதல் அட்டையைத் தவிர வேறு எதையும் இவரால் படிக்க முடியவில்லை, இரண்டு கண்ணிலும். பிறகு சொட்டு மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியை முகத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு என் மூக்கைப் பார்க்கச் சொன்னேன்.

"இப்ப மூடி என்ன நிறம் அண்ணாச்சி?"

"கருத்த மாதிரி இருக்கும்மா. மங்கலா."

மூடியை மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்தினேன். "ஆ, இப்ப செவப்பு."

நல்ல கண்ணில் இது நேர்மாறாக இருக்கும். நடுவில்தான் சிவப்பு அழுத்தமாகத் தெரியும், ஓரத்துக்குப் போகப் போக வெளுக்கும். இரண்டு கண்ணிலும் நடுவில் நிறம் செத்துப்போய் ஓரத்தில் உயிரோடு இருக்கிறது என்றால், நரம்பின் நடு இழைகளைத்தான் சந்தேகிக்க வேண்டும். பிறகு எடுத்த பார்வைப் புலப் பரிசோதனையிலும் அதுவே வந்தது. இரண்டு கண்ணிலும் நடுப்புள்ளியையும் குருட்டுப் புள்ளியையும் சேர்த்து ஒரு கறுப்புத் திட்டு.

சாப்பாட்டைப் பற்றிய கேள்வி

குடி பற்றி நான் கேட்டேன், அவரும் ஒளிக்காமல் சொன்னார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்க எனக்கு முதலில் தோன்றவில்லை. வெளியே நின்ற மனைவியை உள்ளே கூப்பிட்டு, "அக்கா, வீட்ல என்ன சாப்பிடுதாவ?" என்று கேட்ட பிறகுதான் படம் முழுமையானது.

"சோறுன்னு ஒழுங்கா சாப்பிட்டு ஒரு வருசம் ஆச்சு டாக்டரம்மா. காலைல வெறும் டீ. மத்தியானம் தோட்டத்துல என்னத்தையாவது ரெண்டு வாய். ராத்திரி தட்டுல போட்டு வச்சா தொடவே மாட்டாவ. ஊறுகாயும் மிச்சரும்தான். செருப்பு கால்ல இருந்து கழண்டு விழுந்தாக்கூட தெரியாம நடந்து வாராவ."

அந்தச் செருப்பு விஷயம் மிக முக்கியமானது. காலைச் சோதித்தபோது இரண்டு பாதத்திலும் கணுக்கால் வரை தொடு உணர்வு குறைந்திருந்தது. கண் நரம்பும் கால் நரம்பும் ஒரே காரணத்தால் பட்டினி கிடக்கின்றன என்பதற்கு வீட்டில் இருந்தவரே சாட்சி சொல்லிவிட்டார். எடை 45 கிலோ. முன்பு 57 இருந்ததாகச் சொன்னார்கள்.

எதை எதை விலக்கினோம்

குடிக்கிறவருக்குப் பார்வை மங்கினால் முதலில் பயப்பட வேண்டியது மெத்தனால். கள்ளச்சாராயத்தில் கலக்கிற மெத்தனால் சில மணி நேரத்தில், அல்லது ஒரு நாளில் வேலையைக் காட்டும். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல், கண்ணில் பனி கொட்டுகிற மாதிரி வெளுப்பு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் அதில்தான் இறந்தார்கள். அது அந்த நிமிடமே ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டிய நிலை. இவருக்கோ மூன்று மாதமாக மெல்ல மெல்ல மங்கியிருக்கிறது, குடித்ததும் கடைச் சரக்குதான். அதனால் அது இல்லை.

அடுத்தது எத்தாம்பியூட்டால் என்ற காசநோய் மருந்து. இதே மாதிரி நடுப் பார்வையைக் கெடுக்கும். குடிக்கிறவர்களில் காசநோயும் அதிகம் என்பதால் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வரும். எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை என்று வாயால் சொன்னதை மட்டும் நம்பாமல், வீட்டிலிருந்த மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். தாய் வழியில், குறிப்பாகத் தாய்மாமன் யாருக்காவது இளவயதில் பார்வை போனதா என்றும் கேட்டோம். தாய் வழியாக மட்டுமே இறங்கும் ஒரு பார்வை நரம்பு நோய் உண்டு, குடியும் புகையும் அதைத் தூண்டிவிடக்கூடும். அப்படி யாரும் இல்லை.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4, சிவப்பணுக்கள் இயல்பைவிடப் பெரிதாக வீங்கியிருந்தன. ஃபோலிக் அமிலம் குறைவு, பி12 எல்லைக் கோட்டில். சர்க்கரை சரியாக இருந்தது. சிபிலிஸ், எச்.ஐ.வி. இல்லை. தயமின் என்ற பி1 வைட்டமினின் அளவு பார்க்க எங்கள் பக்கத்தில் வசதி இல்லை. முடிவு வருகிற வரைக்கும் காத்திருக்கவும் கூடாது.

ஏன் நடுப் பார்வை மட்டும்?

இதை அந்த வீட்டாருக்கு விளக்கியது போலவே இங்கேயும் சொல்கிறேன். இரண்டு குவாட்டரில் ஏறத்தாழ 850 கலோரி இருக்கிறது. அது கிட்டத்தட்ட இரண்டு வேளைச் சாப்பாட்டின் கணக்கு. பசி அடங்கிவிடும். ஆனால் அதில் ஒரு துளி வைட்டமின்கூட இல்லை. அதோடு, குடலில் தயமினும் ஃபோலிக் அமிலமும் உறிஞ்சப்படுவதையும் மது தடுக்கிறது. தயமினை உடம்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் சேர்த்து வைக்கும். ஒரு வருடம் அரைப்பட்டினி என்றால் என்ன மிஞ்சியிருக்கும்?

நடுப் பார்வைக்கான இழைகள் மிக மெல்லியவை. ஓயாமல் சைகை அனுப்பிக்கொண்டே இருக்கிறவை. அவற்றுக்குள் ஆற்றல் உண்டாக்கும் வேலைக்கு இந்த வைட்டமின்கள் வேண்டும். சத்து நின்றால் முதலில் விழுவது அவைதான். பீடிப் புகையில் வருகிற சயனைடை முறிக்க உடம்பு பி12-ஐயும் செலவழிக்கிறது. முன்பெல்லாம் இந்த நோய்க்குப் புகையிலையையும் மதுவையும் சேர்த்தே பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் மூல காரணம் சத்துக் குறைவுதான் என்பதற்குப் பெரிய சான்று கியூபாவில் கிடைத்தது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே உணவுத் தட்டுப்பாடு வந்தபோது ஏறத்தாழ 50,000 பேருக்குக் கண் நரம்பும் கால் நரம்பும் கெட்டன. வைட்டமின் கொடுக்கத் தொடங்கிய பிறகு பெரும்பாலோர் தேறினார்கள்.

எடுத்த முடிவும் செய்த பிழையும்

தயமின், ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் சேர்த்தே தொடங்கினோம். பி12 குறைவாக இருக்கிறவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் ரத்தம் தேறும், நரம்புக் கேடு தொடரும். அதனால் அன்றைக்கே பி12 ஊசி 1000 மைக்ரோகிராம் போட்டோம். தயமின் 100 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம் மாத்திரைகள் எழுதினேன்.

அப்புறம், "இன்னையோட நிறுத்திருங்க அண்ணாச்சி, இல்லைன்னா கண் மொத்தமா போயிரும்" என்று சொல்லி அனுப்பினேன். அது செவ்வாய்க்கிழமை.

அவர் சொன்னபடியே நிறுத்திவிட்டார். புதன்கிழமை கை நடுங்கியது, வியர்த்தது. வியாழன் இரவு தூங்கவில்லை. சுவரில் பாம்பு ஊர்கிறது என்று விளக்குமாற்றை எடுத்து அடித்திருக்கிறார். வீட்டில் கண் மாத்திரையின் கோளாறு என்று நினைத்து மாத்திரைகளை நிறுத்தினார்கள். வெள்ளி காலையில் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

பிழை என்னுடையது. தினமும் 360 மில்லி குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் இந்த மாதிரிப் பிதற்றல் வரலாம். அதில் உயிர்கூடப் போகும். மருத்துவக் கல்லூரியில் படித்ததுதான். கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததில் அதை மறந்துபோனேன். செவ்வாய்க்கிழமையே அவரைப் பொது மருத்துவப் பிரிவுக்கும் மனநலப் பிரிவுக்கும் கடிதம் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். அதுவரை நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லியிருக்க வேண்டும்.

அங்கே அவரை ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். குளோர்டயசெபாக்சைடு கொடுத்து அளவை மெல்லக் குறைத்தார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமினை நரம்பு வழியாகக் கொடுத்தார்கள். வரிசை மாறி குளுக்கோஸ் முதலில் போனால், இருக்கிற கொஞ்ச தயமினையும் அது தின்றுவிடும். மூளை பாதிக்கும், நிலையும் நடையும் தடுமாறும், கண் அசைவும் நிற்கும். அங்கேயே எம்.ஆர்.ஐ. எடுத்ததில் நரம்பை அழுத்தும் கட்டி எதுவும் இல்லை என்று உறுதியானது.

தொடர்ந்த மாதங்கள்

வீடு திரும்பி இரண்டு வாரத்தில் வந்தார். பார்வை அப்படியே இருந்தது. "மாத்திரை கேக்கலையோ டாக்டரம்மா" என்று மனைவி கவலைப்பட்டார். இந்தக் கட்டத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தேற ஆறு வாரமாவது ஆகும், மாதக் கணக்கில் மெதுவாகத்தான் வரும் என்பதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பெரிய பட்டியல் கொடுக்கவில்லை. வாங்கக்கூடியதை வைத்தே பேசினோம். சோறு புழுங்கல் அரிசியில் இருக்கட்டும். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடும் என்பதால் தீட்டிய பச்சரிசியைவிட அதில் சத்து மிஞ்சும். தினம் இரண்டு முட்டை. வாரத்தில் இரண்டு நாள் சாளை மீன், ஒரு நாள் ஆட்டு ஈரல். முருங்கைக்கீரையை நெடுநேரம் கொதிக்க விடாமல் இறக்குவது. கருப்பு உளுந்தங்களி வாரம் ஒரு நாள். அது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்தது என்று மனைவிதான் சொன்னார்.

ஆறாவது வாரம் வலது 6/36, இடது 6/24. மூன்றாவது மாதம் வலது 6/24, இடது 6/12. நிறம் மட்டும் பின்தங்கியே வந்தது. எழுத்துப் பலகையில் முன்னேற்றம் தெரிந்த பிறகும் நிற அட்டையில் பாதியைத் தவறவிட்டார்.

நான்காவது மாதம் ஊர்க் கோயில் கொடை. மூன்று நாள் குடித்தார், அதன் பிறகு இரண்டு வாரம் வரவே இல்லை. மனைவி தனியாக வந்து அழுதார். திட்டுவதற்காகக் கூப்பிடவில்லை, ஊசி போடத்தான் கூப்பிடுகிறோம் என்று அவரிடம் சொல்லச் சொன்னோம். வந்தார். பார்வை குறையவில்லை, ஆனால் அந்த ஒரு மாதமும் முன்னேற்றம் எதுவும் இல்லை. மனநலப் பிரிவில் மறுபடியும் சேர்த்துவிட்டோம். பீடி பாதியாகக் குறைந்தது, முழுதாக நிற்கவில்லை.

பதினொன்றாவது மாதத்தில் இடது கண் 6/9, வலது 6/18. எடை 53 கிலோ. வலது நரம்புத் தலையின் பொட்டுப் பக்க வெளிறல் இப்போது பளிச்சென்று தெரிகிறது, அங்கே இறந்த இழைகள் திரும்பாது. முதல் நாள் எந்தக் கண்ணில் வெளிறல் தொடங்கியிருந்ததோ அந்தக் கண்தான் பின்தங்கி நின்றது. கண்ணாடிக் கடைக்குப் போன நாளிலேயே இது பிடிபட்டிருந்தால் வலதும் இன்னும் தேறியிருக்கக்கூடும் என்பது என் எண்ணம். கால் மரப்பு ஓரளவுதான் குறைந்தது. செருப்பு மாட்டியிருக்கிறதா என்று இன்னும் குனிந்து பார்த்துக்கொள்கிறார்.

தார் வெட்ட மறுபடி போகிறார். நிறத்தை வைத்துத் தரம் பிரிக்கிற வேலையை மகனிடம் விட்டுவிட்டார். தான் காயின் பக்கவரையை விரலால் தடவிப் பார்த்து முற்றலைச் சொல்கிறார்.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

இரண்டு கண்ணும் ஒன்றுபோல மங்கி, சிறு துளை அட்டையில் கூடாமல், உள்ளே பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறவர் யாராக இருந்தாலும் சிவப்பு மூடி காட்டாமல் எங்களிடமிருந்து அனுப்புவதில்லை. சொட்டு மருந்து விடுவதற்கு முன்பே நிறப் பரிசோதனை முடிந்துவிட வேண்டும், ஏனென்றால் பாவை விரிந்த பிறகு கண் கூசி, பதில்கள் குழம்பும்.

குடி பற்றிய கேள்விக்குப் பக்கத்திலேயே "நேற்று மூன்று வேளையும் என்ன சாப்பிட்டீர்கள்?" என்ற கேள்வியையும் எங்கள் சீட்டில் அச்சடித்துவிட்டோம். பதிலை வீட்டிலிருந்து வந்தவரிடமும் கேட்கிறோம். கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, இதற்கு முன் நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்ததா என்பதையும் கேட்டு எழுதுகிறோம்.

"நிறுத்துங்க" என்ற சொல்லை, எங்கே போய், யாரிடம், எப்படி நிறுத்துவது என்ற கடிதம் கையில் இல்லாமல் இப்போது நான் சொல்வதில்லை. அந்தக் கடிதத்தில் இரண்டு வரி சிவப்பு மையில் இருக்கும்: தயமின் முதலில், குளுக்கோஸ் பிறகு, கண் மாத்திரைகளை நிறுத்த வேண்டாம்.